வளைவுக்கு அப்பால் தெரியும் சாலை

கிராமச் சாலை ஒன்றின் ஆபத்தான வளைவை நேராக்க முடிவானால், ஜல்லி கொட்டுவதற்கு முன்பே வடிவியல் வடிவமைப்பு அறிக்கை தயாராகிவிட வேண்டும். சாலை எந்த வேகத்துக்கானது, எவ்வளவு வளையலாம், ஓட்டுநருக்கு எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்ற மூன்றையும் அது ஒன்றன் பின் ஒன்றாகத் தீர்மானிக்கிறது. முதலாவது மாறினால் மற்ற இரண்டும் மாறிவிடும்.

இந்தியாவில் இதற்கான அளவுகளை இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்திருக்கிறது. சமவெளிக் கிராமச் சாலைக்கு வடிவமைப்பு வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். இடம் கிடைக்காத நெருக்கடியில் 40 வரை குறைக்கலாம். ஆனால், இருபுறமும் நீண்ட நேர்சாலை இருக்க நடுவில் ஒரு வளைவை மட்டும் 40-க்கு அமைப்பது தவறு. நேர்சாலையில் வேகமெடுத்து வருபவர் அந்த வளைவை எதிர்பார்ப்பதில்லை.

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். வயல்களுக்கு நடுவே போகும் ஒருவழித் தடச் சாலை, தார் அகலம் 3.75 மீட்டர், ஓரிடத்தில் 60 பாகை திரும்புகிறது. பழைய வளைவின் ஆரத்தை அறியக் கயிறும் டேப்பும் போதும். தாரின் உள் விளிம்பில் 20 மீட்டர் கயிற்றை இரு முனையும் விளிம்பைத் தொடும்படி இழுத்துப் பிடித்து, கயிற்றின் நடுவிலிருந்து விளிம்புக்குள்ள இடைவெளியை அளக்க வேண்டும். அது 1.25 மீட்டர் என்றால் ஆரம் ஏறக்குறைய 40 மீட்டர். தாரின் வெளி விளிம்பு முறைப்படி உயர்த்தப்பட்டிருந்தாலும், அந்த வளைவு தாங்கும் வேகம் மணிக்கு 33 கிலோமீட்டர்தான்.

புதிய வளைவின் குறைந்தபட்ச ஆரத்தைத் தருவது இந்தச் சூத்திரம்:

R = V² / 127(e + f)

இதில் V வேகம். e வெளி விளிம்பை உயர்த்தும் சரிவு, சமவெளியில் உச்ச அளவு 0.07, f டயருக்கும் தாருக்கும் உள்ள பக்கவாட்டுப் பிடிமானம், 0.15. வேகம் 50 என்றால் விடை 90 மீட்டர். வேகம் இருமடங்கானால் ஆரம் நான்கு மடங்காகும் என்பதையும் சூத்திரமே காட்டுகிறது.

பல அறிக்கைகள் 90 மீட்டர் கிடைத்ததும் வளைவு சரி என்று எழுதி முடித்துவிடுகின்றன. வண்டி சறுக்காது என்பதற்குத்தான் அந்த எண் உத்தரவாதம். எதிரே வருவது தெரியும் என்பதற்கு இல்லை.

50 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஆபத்தைக் கண்டு, பிரேக் பிடித்து, வண்டியை நிறுத்த 60 மீட்டர் தேவை. இதில் பாதிக்கு மேல், பிரேக் பிடிக்குமுன் கழியும் இரண்டரை விநாடியிலேயே ஓடிவிடுகிறது. ஒருவழித் தடத்தில் எதிர் வண்டியும் அதே தாரில்தான் வருகிறது. இருவரும் நிறுத்த வேண்டுமானால் 120 மீட்டருக்குப் பார்வை தெளிவாக இருக்க வேண்டும். 60 மீட்டரை மட்டும் சரிபார்த்த அறிக்கை இத்தகைய சாலைக்குப் போதாது.

அந்த 120 மீட்டர் பார்வைக்கோடு வளைவின் உட்புற நிலத்தைக் குறுக்காகக் கடந்து செல்கிறது. ஆரம் 90 மீட்டரானால், சாலையின் நடுக்கோட்டிலிருந்து உட்புறமாக 18 மீட்டருக்கும் அதிகமாக மறைப்பின்றி இருக்க வேண்டும். ஆரத்தை 200 மீட்டராக்கினால் 9 மீட்டர் போதும். அதற்கு விலை உண்டு: வளைவின் நடுப்பகுதி, 90 மீட்டர் ஆரத்தில் அமைவதைவிட 17 மீட்டர் உள்ளே தள்ளிப் போகிறது. யாருடைய வயலில் எத்தனை சென்ட் போகிறது என்ற பேச்சு இங்கேதான் தொடங்குகிறது. ஆனாலும் 200 மீட்டரே நல்ல தேர்வு. 90 மீட்டர் வளைவில் பார்வைக்காக விட வேண்டிய பட்டை, பிறர் பட்டாவிலேயே தங்கிப் பிறகு மறைந்துபோகும்.

ஆரம் கூடினால் வெளி விளிம்பை உயர்த்தும் அளவும் குறையும். 200 மீட்டருக்கு 5.6 சதவீதம், அதாவது தாரின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிட 21 சென்டிமீட்டர் உயரம். இதை முழு வேகத்துக்குக் கணக்கிடாமல் முக்கால் வேகத்துக்கே கணக்கிடுகிறார்கள்; வைக்கோல் ஏற்றி மெதுவாக வரும் டிராக்டர் உட்புறம் சாயக்கூடாது. நேர்சாலையின் சரிவிலிருந்து இந்தச் சரிவுக்கு மாற, வளைவின் இரு முனையிலும் ஏறத்தாழ 35 மீட்டர் நீள இடைமாற்று வளைவு வேண்டும்.

ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாக விதி கொள்கிறது. எனவே உட்புறப் பட்டையில் நிலக்கடலை விளைந்தால் பார்வை தப்பிவிடும். கரும்போ சீமைக் கருவேலமோ வளர்ந்தால் 200 மீட்டர் ஆரத்தாலும் பயனில்லை. நடுக்கோட்டிலிருந்து 9 மீட்டர் வரையுள்ள அந்தப் பட்டையை நிலமெடுப்பு வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும். அது சேர்க்கப்படாத அறிக்கைக்கு ஒப்புதல் தரக்கூடாது.