பெட்டி விரிப்பும் மறைந்துள்ள வட்டி வீதமும்

வட்டி எப்பொழுதும் வட்டி என்னும் பெயருடன் தோன்றுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயோர்க்கின் நிதி வணிகரான ரசல் சேஜ், சட்டம் விதித்த வட்டி வரம்பைக் கடப்பதற்குப் பங்குகளை வாங்கும் உரிமையையும் விற்கும் உரிமையையும் இணைத்துப் பயன்படுத்தினார் எனப் பொருளியல் வரலாற்றாசிரியர் கூறுவர். வெளித்தோற்றத்தில் அது கொள்வனவும் விற்பனையும். உள்ளடக்கத்தில் அது கடன். இதே தத்துவத்தின் நவீன வடிவமே ‘பொக்ஸ் ஸ்பிரெட்’ எனப்படும் பெட்டி விரிப்பாகும். அதன் அமைப்பையும், அது வட்டி வீதத்தை வெளிப்படுத்தும் முறையையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

சிக்காகோ விருப்புரிமைச் சந்தையில் எஸ் அன்ட் பி 500 பங்குச் சுட்டெண் மீதான ஒப்பந்தங்கள் விற்பனையாகின்றன. ஓராண்டின் பின் முதிர்வடையும் நான்கு ஒப்பந்தங்களை ஒருவர் ஒருங்கே மேற்கொள்கிறார் எனக் கொள்வோம். 4000 என்ற விலையில் வாங்கும் உரிமையை அவர் வாங்குகிறார். அதே விலையில் விற்கும் உரிமையைப் பிறருக்கு விற்கிறார். இவ்விரண்டும் சேர்ந்தால், சந்தை எவ்வாறு சென்றாலும் சுட்டெண்ணை 4000க்கு வாங்கியாக வேண்டும் என்பது பொருள். அடுத்து, 5000 என்ற விலையில் வாங்கும் உரிமையை விற்று, விற்கும் உரிமையை வாங்குகிறார். இதனால் 5000க்கு விற்பதும் உறுதியாகிறது. 4000க்கு வாங்கி 5000க்கு விற்பவருக்கு எஞ்சுவது 1000 புள்ளிகள். முதிர்வு நாளில் சுட்டெண் 3500 ஆயின், 5000இல் விற்கும் உரிமை 1500 புள்ளிகளைத் தரும். 4000இல் விற்கும் உரிமையைப் பிறருக்கு விற்றமையால் 500 புள்ளிகளை இழப்பார். எஞ்சுவது 1000. சுட்டெண் 5600 ஆயின், ஒருபுறம் 1600 வரவு, மறுபுறம் 600 இழப்பு. அப்பொழுதும் 1000 தான். பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கம் முற்றாக நீங்கிவிடுகிறது. காலம் மட்டுமே எஞ்சுகிறது.

ஒரு புள்ளிக்கு 100 டொலர் வீதம் இவ்வொப்பந்தம் முதிர்வில் 100,000 டொலரைத் தரும். இதற்கு இன்று 952.40 புள்ளிகள், அதாவது 95,240 டொலர், செலுத்தப்பட்டதாகக் கருதுவோம். வேறுபாடு 4,760 டொலர். அதனை முதலால் வகுத்தால் ஏறத்தாழ 5 சதவீதம் கிடைக்கும். இதுவே ஒப்பந்த விலைகளுள் மறைந்திருந்த வட்டி வீதம். பெட்டியை வாங்கியவர் கடன் கொடுத்தவர். விற்றவர் இன்று 95,240 டொலரைப் பெற்று ஓராண்டின் பின் 100,000 டொலரைத் திருப்பிச் செலுத்தும் கடனாளி. வங்கியும் இல்லை, கடன் பத்திரமும் இல்லை. இருவருக்கும் இடையே தீர்வகம் ஒன்று நின்று கொடுப்பனவை உறுதி செய்கிறது. எனினும் கடனாளி பிணை வைத்தல் வேண்டும். பிணையாக உள்ள பங்குகளின் விலை வீழ்ந்தால் அவை கட்டாயமாக விற்கப்படலாம்.

விலையில் நேரும் சிறு பிழை வீதத்தைப் பெரிதும் மாற்றிவிடும். மேற்கூறிய பெட்டிக்கு 2 புள்ளிகள் கூடுதலாகச் செலுத்தினால் வீதம் 4.78 ஆகக் குறையும். ஒரு மாதத்தில் முதிர்வடையும் பெட்டியிலோ அதே 2 புள்ளிகள் ஆண்டு வீதத்தில் 2.4 அளவுக்கு மாற்றத்தை ஏற்படுத்தும். ஆகவே நான்கு ஒப்பந்தங்களையும் தனித்தனியே வாங்காது, விலை வரம்புடன் ஒரே கட்டளையாக இடுதல் அவசியமாகிறது.

இதனினும் பெரிய ஆபத்து வேறொன்று. மேற்கண்ட கணிப்பு, முதிர்வு நாளில் மட்டும் செயற்படுத்தத்தக்க ஐரோப்பிய வகை ஒப்பந்தங்களுக்கே பொருந்தும். முன்கூட்டியே செயற்படுத்தத்தக்க அமெரிக்க வகையில், எதிர்த்தரப்பினர் தமக்கு வாய்ப்பான நாளில் ஒரு காலை உருவிவிடலாம், பெட்டி உடைந்துவிடும். 2019இல் அமெரிக்காவில் சிறு முதலீட்டாளர் ஒருவர், ஏறத்தாழ 5,000 டொலரை வைத்துக்கொண்டு இத்தகைய பெட்டிகளை விற்று, 50,000 டொலருக்கும் மேற்பட்ட இழப்பை அடைந்தார். சந்தை விலையை மீறிய ‘இலாபம்’ ஒரு பெட்டியில் தென்படின், அது முன்கூட்டிய செயற்பாட்டின் விலையாக இருக்கலாம் என ஐயுறுதல் தகும்.

ஐரோப்பிய வகைப் பெட்டிகள் வெளிப்படுத்தும் வீதம் ஆய்வாளருக்கும் பயன்படுகிறது. வான் பின்ஸ்பெர்கன், டயமண்ட், குரொட்டேரியா ஆகியோர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வீதம் அமெரிக்க அரசின் திறைசேரி வீதத்தை விடச் சராசரியாக ஏறத்தாழ 0.4 சதவீதப் புள்ளிகள் உயர்ந்திருப்பதைக் கண்டனர். நெருக்கடிக் காலங்களில் அவ்விடைவெளி விரிந்தது. திறைசேரிப் பத்திரம் பணத்தைப் போன்றே கைமாறத்தக்கது, பிணையாகவும் ஏற்கப்படுவது. அவ்வசதிக்காக அதனை வைத்திருப்போர் வட்டியின் ஒரு பகுதியைத் துறக்கின்றனர். அத்துறப்பு அரசின் மலிவான கடனாக மாறுகிறது. ஆகவே திறைசேரி வீதத்தையே காலத்தின் தூய விலையாகக் கொள்வோர் அவ்விலையைக் குறைத்தே மதிப்பிடுகின்றனர். எந்த அளவு குறைத்து என்பதை அறிவதற்கு, அவ்வசதி எதுவுமற்ற பெட்டியின் வீதம் ஓர் அளவுகோலாகிறது.