லாக்-இன் முடியும் நாளும் விலை சரியும் நாளும்

2024-ஆம் ஆண்டு விநாயகர் சதுர்த்தி சனிக்கிழமையில் வந்தது. அன்று மாலை, ஓசூரில் உதிரிபாக ஆலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் என் பழைய மாணவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், ஓலா எலக்ட்ரிக் பங்குக்கு லாக்-இன் முடியுதாம். திங்கட்கிழமை பெரிய கம்பெனி எல்லாம் விக்கப் போறாங்களாம். நான் இருக்கிறதை முதல்லயே வித்துடணுமா?" என்றார். பொதுப் பங்கு வெளியீட்டில் 76 ரூபாய் வீதம் அவருக்கு ஒரு லாட், அதாவது 195 பங்குகள், ஒதுக்கப்பட்டிருந்தன. ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் விலை 140 ரூபாயைத் தாண்டியபோது மேலும் 200 பங்குகளை வாங்கியிருந்தார். நம் மாவட்டத்தில் போச்சம்பள்ளி அருகே ஆலை வைத்திருக்கும் நிறுவனம் என்பதால் அவருக்கு அதன்மேல் தனி நம்பிக்கை.

இத்தகைய கேள்வியை அவர் மட்டும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே, ஓசூரில் உற்பத்தி செய்யும் ஏதர் எனர்ஜியும் பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரே மாவட்டத்தில் ஆலைகள் கொண்ட இந்த இரண்டு மின் ஸ்கூட்டர் நிறுவனங்களின் பங்குகளையும் ஒப்பிட்டால், லாக்-இன் என்ற சொல் கிளப்பும் அச்சத்தில் எவ்வளவு நியாயம், எவ்வளவு மிகை என்பது விளங்கும்.

லாக்-இன் என்பது குறிப்பிட்ட சில பங்குதாரர்கள் குறிப்பிட்ட காலம்வரை தம் பங்குகளை விற்கக் கூடாது என்று செபி விதிக்கும் தடை. பொது வெளியீட்டில் சில்லறை முதலீட்டாளருக்கு ஒதுக்கப்படும் பங்குகளுக்கு இது பொருந்தாது. பட்டியலிடப்பட்ட முதல் நாளே அவர் விற்கலாம். வெளியீடு தொடங்குவதற்கு முந்தைய நாளே பங்குகளைப் பெற்றுக்கொள்ளும் பெரிய நிறுவனங்களை நங்கூர முதலீட்டாளர்கள் என்கிறோம். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, இவர்கள் பெற்றதில் பாதியை ஒதுக்கீட்டு நாளிலிருந்து 30 நாள்களும் மீதியை 90 நாள்களும் விற்க முடியாது. வெளியீட்டுக்கு முன்பிருந்தே பங்கு வைத்திருந்த முதலீட்டாளர்களுக்கு 6 மாதத் தடை. ப்ரமோட்டர்களின் குறைந்தபட்சப் பங்கான 20 சதவீதத்துக்குப் பொதுவாக 18 மாதத் தடை. திரட்டும் பணத்தில் பெரும்பகுதி ஆலை போன்ற மூலதனச் செலவுக்கு என்றால் அது 3 ஆண்டுகளாக நீளும். பணியாளர்களின் இசாப் பங்குகளுக்கும் சிலவகைத் துணிகர முதலீட்டு நிதிகளுக்கும் விலக்குகள் உண்டு. எனவே ஒரு நிறுவனத்துக்கு ஒரே ஒரு பூட்டு என்று எண்ணக் கூடாது. பல பூட்டுகள் வெவ்வேறு நாள்களில் திறக்கின்றன.

அன்று என் மாணவரிடம் நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. ஓலா எலக்ட்ரிக் வெளியீட்டின் அளவு ஏறத்தாழ 6,146 கோடி ரூபாய். ஒரு பங்கு 76 ரூபாய் எனில், பொதுமக்களுக்கும் நிறுவனங்களுக்கும் சென்றவை சுமார் 81 கோடிப் பங்குகள். இதில் நங்கூர முதலீட்டாளர்கள் 2,763 கோடி ரூபாய்க்கு வாங்கியவை சுமார் 36 கோடிப் பங்குகள். ஒதுக்கீடு நடந்தது ஆகஸ்ட் 7-இல். 30 நாள்கள் செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை நிறைவடைகின்றன. ஆகவே திங்கட்கிழமை முதல் சுமார் 18 கோடிப் பங்குகள் விற்பனைக்குத் தகுதி பெறுகின்றன.

நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் ஏறக்குறைய 441 கோடி. 18 கோடி என்பது அதில் 4 சதவீதம்தான். செய்திகளில் இந்த 4 சதவீதமே இடம்பெற்றது. ஆனால் சரியான வகுத்தி மொத்தப் பங்கு எண்ணிக்கை அன்று. அன்றுவரை சந்தையில் தடையின்றிக் கைமாறக்கூடியவை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வெளியீட்டுப் பங்குகளான 81 கோடியிலிருந்து நங்கூரப் பங்குகள் 36 கோடியைக் கழித்தால் சுமார் 45 கோடி மிஞ்சுகிறது. விலக்குப் பெற்ற பழைய பங்குகள் சிறிது கூடலாம். அவற்றை விட்டுவிட்டால், புதிதாகத் திறக்கும் 18 கோடி என்பது புழக்கத்தில் இருப்பதில் ஐந்தில் இரண்டு பங்கு. 4 சதவீதம் என்று பார்த்தால் சிறு தூறல்; 40 சதவீதம் என்று பார்த்தால் ஏரி மதகு. புதிதாகப் பட்டியலிடப்பட்ட பங்குகள் தொடக்க வாரங்களில் ஏன் அவ்வளவு வேகமாக ஏறுகின்றன என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. 75.99 ரூபாயில் தொடங்கிய இப்பங்கு ஆகஸ்ட் 20-இல் 157 ரூபாயைத் தொட்டது. வாங்க நின்ற கூட்டம் பெரிது, கைமாறக் கிடைத்த சரக்கு சிறிது. என் மாணவர் 140 ரூபாய்க்கு மேல் கொடுத்தது அந்தப் பற்றாக்குறைக்கான விலையும் சேர்த்துத்தான்.

இனி, பூட்டு திறந்ததும் விற்றுவிடுவார்களா என்ற கேள்வி. ராயக்கோட்டைச் சந்தைக்கு அடுத்த வாரம் தக்காளி வரத்து கூடும் என்று எல்லா வியாபாரிகளுக்கும் தெரிந்தால் இந்த வாரமே விலை இறங்கத் தொடங்கும். லாக்-இன் முடியும் தேதியும் முன்கூட்டியே அச்சிடப்பட்ட செய்திதான். ஆகவே அன்று விலை அசையவே கூடாது என்பது பாடப்புத்தகம். உண்மை சற்று வேறு. ஃபீல்டு, ஹேங்கா என்ற இரு ஆய்வாளர்கள் 1988 முதல் 1997 வரையிலான 1,948 அமெரிக்க லாக்-அப் முடிவுகளை ஆராய்ந்து 2001-இல் கட்டுரை வெளியிட்டனர். மூன்று நாள்களில் சராசரியாக 1.5 சதவீத இறக்கம். வர்த்தக அளவில் 40 சதவீத நிரந்தர உயர்வு. துணிகர முதலீடு பெற்ற நிறுவனங்களில் இறக்கம் அதிகம். 1.5 சதவீதம் என்பது கோட்பாட்டை உறுத்தும் அளவுக்குப் பெரிது. ஆனால் தரகுக் கட்டணமும் வரியும் செலுத்தி ஒரு சில்லறை முதலீட்டாளர் லாபம் பார்க்கும் அளவுக்குப் பெரிதன்று.

சராசரியைவிடப் பெரிய சரிவுகள் உண்டு. 2021 ஜூலையில் பட்டியலிடப்பட்ட சொமாட்டோவுக்கு அன்றைய விதிப்படி ஓராண்டுத் தடை. 2022 ஜூலை 25-இல் ஏறத்தாழ 613 கோடிப் பங்குகள், அதாவது மொத்தத்தில் 78 சதவீதம், ஒரே நாளில் விடுபட்டன. அன்று விலை சுமார் 11 சதவீதம் வீழ்ந்தது. மறுநாளும் இறங்கி 40 ரூபாயை ஒட்டிச் சென்றது. ஆனால் எல்லோரும் அஞ்சிய பெரிய விற்பனையாளர்களில் ஒன்றான ஊபர், ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் தன் பங்குகளை விற்றது, அதுவும் சுமார் 50 ரூபாய்க்கு. பெரியவர் விற்பார் என்று பயந்து விற்ற சிறியவர் அந்தப் பெரியவரைவிடக் குறைந்த விலை பெற்றார்.

நம் மாவட்டத்துக் கதையும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. ஓலா எலக்ட்ரிக்கில் 30 நாள் பூட்டு திறந்தபோது விலை 100 ரூபாய்க்கு மேல். 76 ரூபாய்க்கு வாங்கிய நங்கூர முதலீட்டாளருக்கு லாபம் கண்ணெதிரே இருந்தது. விற்க நியாயமான காரணம் இருந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் விலை 100-க்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் அந்த மாதத்தில் சேவை மையங்கள் பற்றிய புகார்களும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் நோட்டீசும் சேர்ந்துகொண்டன. எது பூட்டின் வேலை, எது தொழிலின் வேலை என்று பிரித்துச் சொல்வது கடினம். 6 மாதப் பூட்டு 2025 பிப்ரவரியில் திறந்தபோது விலை ஏற்கெனவே வெளியீட்டு விலைக்குக் கீழே இருந்தது. பழைய முதலீட்டாளர்களான ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அந்த வாரமே பெருவாரியாக வெளியேறவில்லை. ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து, ஜூன் 3-ஆம் தேதி, இரண்டும் சேர்ந்து சுமார் 13.6 கோடிப் பங்குகளை ஏறத்தாழ 50 ரூபாய் 60 காசு வீதம் விற்றன. நாள்காட்டியில் பிப்ரவரியைச் சுழித்து வைத்துக் காத்திருந்து, அது கடந்ததும் ஆபத்து நீங்கியது என்று வாங்கியவர் இந்த விற்பனையில் சிக்கினார்.

ஏதர் நிலை வேறு. 321 ரூபாயில் வெளியாகி 2025 மே 6-இல் பட்டியலிடப்பட்டது. 6 மாதப் பூட்டு நவம்பர் தொடக்கத்தில் திறந்தது. அடுத்த வாரமே, நவம்பர் 10-இல், டைகர் குளோபல் தன் 5 சதவீதப் பங்கு முழுவதையும் சுமார் 1,204 கோடி ரூபாய்க்கு விற்று வெளியேறியது. ஒரு பங்குக்குக் கிடைத்த விலை சுமார் 623 ரூபாய், வெளியீட்டு விலையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. பெரிய முதலீட்டாளர் ஒருவர் முழுமையாக வெளியேறியும், வாங்க ஆளிருந்தால் விலை நொறுங்குவதில்லை.

ஆகவே, தேதிக்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று என்பது என் கருத்து. திறக்கும் பங்குகள் புழக்கப் பங்குகளில் எத்தனை சதவீதம்; அவற்றை வைத்திருப்பவரின் அடக்க விலை என்ன; அவர் எத்தகையவர். பரஸ்பர நிதி தங்கிவிடக்கூடும்; பத்தாண்டுகளுக்கு முன் பணம் போட்ட துணிகர நிதி, தன் முதலீட்டாளர்களுக்குப் பணம் திருப்பித் தர வேண்டிய கட்டாயத்தில் இருக்கும். நங்கூர முதலீட்டாளர் பட்டியலை வெளியீடு தொடங்குமுன்னரே சந்தைகள் வெளியிடுகின்றன. லாக்-இன் விவரம் விளக்கக் குறிப்பேட்டில் மூலதன அமைப்பு என்ற பகுதியில் இருக்கும். காலாண்டுதோறும் வரும் பங்குதாரர் பட்டியலில், பூட்டில் உள்ள பங்குகளுக்கென்றே ஒரு பத்தி உண்டு.

தேதிக்குப் பின் பார்க்க வேண்டியது விற்பனை நடந்ததா என்பதை. ஒருவர் ஒரே நாளில் நிறுவனப் பங்குகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் கைமாற்றினால், பல்க் டீல் பட்டியலில் அன்று மாலையே பெயருடன் வெளியாகும். டெலிவரி அளவு வழக்கத்தைவிடப் பல மடங்கு கூடி, பின் விலை நிலைத்தால் சரக்கு கைமாறிவிட்டது எனலாம். எதுவும் நடக்காமல் தேதி அமைதியாகக் கடந்தால் நிம்மதி கொள்ள வேண்டாம். சரக்கு இன்னும் கிடங்கில்தான் இருக்கிறது. வாங்க நினைப்பவர், பூட்டு திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் அவசரப்படாமல், பெரிய விற்பனை ஒன்று நடந்து விலை தாங்குவதைக் கண்டபின் பகுதி பகுதியாக வாங்கலாம்.

முன்கூட்டியே இல்லாத பங்கை விற்று, விழுந்தபின் திரும்ப வாங்கலாம் என்ற யோசனையும் உலவுகிறது. புதிய பங்குகள் பெரும்பாலும் ஃபியூச்சர்ஸ் பிரிவில் இருப்பதில்லை. அன்றன்றைக்கே முடிக்கும் விற்பனைதான் சாத்தியம். பங்கு மேல் வரம்பைத் தொட்டு நின்றுவிட்டால் திரும்ப வாங்க விற்பவர் கிடைக்க மாட்டார். கணக்கு ஏலத்துக்குப் போய் அபராதமும் சேரும். ஓலா பங்கு முதல் நாளே 20 சதவீத மேல் வரம்பில்தான் முடிந்தது என்பதை மறக்கக் கூடாது.

என் மாணவர் அந்த வாரம் 195 பங்குகளை லாபத்தில் விற்றார். 140 ரூபாய்க்கு மேல் வாங்கிய 200 பங்குகளை, நட்டத்தில் விற்க மனமில்லாமல் வைத்துக்கொண்டார். இரண்டு தொகுப்புக்கும் நாளைய விலை ஒன்றுதான், வாங்கிய விலையை மறந்து முடிவெடுங்கள் என்றேன். "தெரியுது சார், கை வரலை" என்றார். அவருடைய உறவினர் ஒருவர் அத்தகைய புதிய நிறுவனம் ஒன்றில் அதிகாரி. கையில் இசாப் பங்குகள் உண்டு. அவருக்கு லாக்-இன் தடை இல்லை. ஆனால் நிறுவனத்தின் உள்தகவல் எட்டும் பணியாளராகக் குறிக்கப்பட்டவர் என்றால், காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை அவர் வாங்கவோ விற்கவோ கூடாது. விற்றபின் விலை விழுந்ததே என்று 6 மாதத்துக்குள் திரும்ப வாங்கவும் முடியாது. இந்தத் தேதிகளைத் தன் அலுவலகத்தின் இணக்க அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுப் பெறும்படி அவரிடம் சொல்லியனுப்பினேன்.