மொய் நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

"பென்ஷன் எங்கே போகுதுன்னே தெரியலைம்மா" என்று போனில் சொன்னீர்கள். எழுதி வையுங்கள் என்றதும், "எல்லாம் மனசுல இருக்கு" என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள். பேச்சில் உங்களை ஜெயிக்க முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

மனசில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நீங்கள் சொன்ன கணக்குதான். போன மாதம் ஒன்றாம் தேதி கையில் 1,800 ரூபாய். ஏ.டி.எம்.மில் மூன்று தடவையாக எடுத்தது 15,000. மாதக் கடைசியில் மிச்சம் 1,300. ஆக, ரொக்கமாகப் போனது 15,500. பால், காய்கறி, மளிகை, வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளம், பேப்பர் என்று நீங்கள் ஞாபகமாகச் சொன்னதெல்லாம் சேர்த்தால் 11,650தான். மீதி 3,850 மனசில் இல்லை. வீணாய்ப் போனது என்று நான் சொல்லவில்லை. ஆட்டோ, டீக்கடை, அர்ச்சனைத் தட்டு என்று சில்லறையாகக் கரைந்திருக்கும். எதையும் குறைக்கச் சொல்லவும் இல்லை. அது எதற்குப் போனது என்று உங்களுக்கே தெரிய வேண்டாமா?

ராத்திரி சாப்பிட்டதும் நாலு வரி எழுதினால் போதும். ஏ.டி.எம்.மில் எடுத்ததைச் செலவு என்று எழுதாதீர்கள். அந்தப் பணத்தில் வாங்கியதையும் எழுதுவீர்கள், ஒரே பணம் இரண்டு தடவை ஏறிவிடும். ஜிபேயில் அனுப்பியதற்குப் போனிலேயே கணக்கு இருக்கிறதே என்பீர்கள். அதில் கடைக்காரர் பெயர் இருக்கும், வாங்கியது மாத்திரையா பிஸ்கட்டா என்று இருக்காது. அதனால் அதையும் நோட்டில் ஏற்றுங்கள். கைமாற்றாகக் கொடுத்ததைக் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். திரும்பி வரவேண்டிய பணம் செலவில் சேராது. (சித்தப்பாவுக்குக் கொடுத்ததை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதை உங்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறேன்.)

உண்மையில் உங்களை இடறிவிடுவது மாதா மாதம் வராத செலவுகள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 2,400. வீட்டு வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை 3,000. மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு 24,000. மாதக் கணக்கில் பிரித்தால் 1,200, 500, 2,000. மொத்தம் 3,700. அது வராத மாதங்களில் கையில் பணம் மிஞ்சுகிற மாதிரி தோன்றும். வருகிற மாதத்தில் எஃப்.டி.யில் கை வைப்பீர்கள். இந்த 3,700-ஐ மாதா மாதம் ஒதுக்கிவிட்டால் வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் முப்பது நாளுக்குள் கட்டிவிடலாம், நகராட்சியில் ஐந்து சதவீதம் கழிவும் கிடைக்கும்.

எழுதுவது உங்களுக்குப் புதிதும் இல்லை. என் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்று பீரோவில் இருக்கும் நோட்டைப் பார்த்து இன்றைக்கும் சொல்கிறீர்கள். ஊரார் பணத்துக்குக் காட்டும் அக்கறையை உங்கள் பணத்துக்கும் காட்டுங்கள்.

வருகிற ஒன்றாம் தேதி காலையில் பையில் இருப்பதை எண்ணி, நோட்டின் முதல் வரியில் எழுதுங்கள். மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். பிரயோஜனம் இல்லை என்று தோன்றினால் நிறுத்திவிடுங்கள், நான் கேட்கவே மாட்டேன்.

உங்கள் அன்பு மகள்