தரைக்கு இருநூறு அடி உயரத்தில்

விமானம் நின்று பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகும் விமானிக்குக் கொஞ்சம் எழுத்து வேலை மிச்சமிருக்கும். இறங்கும்போது பறவை மோதியிருந்தால், நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு அவர் ஓர் அறிக்கை அனுப்பியாக வேண்டும். படிவத்தில் சில கட்டங்களை நிரப்பி, கீழே ஏழெட்டு வரி எழுதினால் போதும். வழக்கமாக ஆங்கிலத்தில் எழுதப்படும் அந்தக் குறிப்பு தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும். விவரங்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

"மாலை 5.42. ஓடுபாதை 27-இல் இறங்கிக்கொண்டிருந்தோம். தரையிலிருந்து சுமார் 200 அடி, வேகம் 138 நாட். நடுத்தர அளவுள்ள ஒரு பறவை வலப்பக்கமிருந்து குறுக்கே வந்தது. வலது எஞ்சின் பக்கம் 'தட்' என்று சத்தம். எஞ்சின் அளவுகளில் மாற்றம் இல்லை. இறங்குவதைத் தொடர்ந்தோம். ரிவர்ஸ் குறைந்த அளவில் மட்டும். கேபினில் வாடை இல்லை. ஓடுபாதையைச் சோதிக்கும்படி டவருக்குச் சொன்னோம். நின்ற பிறகு வலது எஞ்சினின் முகப்பு வளையத்தில் ரத்தக்கறையும் இறகும் இருந்தன. இனம் தெரியவில்லை. முன்கூட்டி வந்தது பொதுவான பறவை எச்சரிக்கை மட்டுமே. டெக் லாகில் பதிவு செய்துள்ளோம்."

படிப்பவருக்கு "ஒன்றும் ஆகவில்லையே, இதை ஏன் எழுத வேண்டும்?" என்று தோன்றலாம். விமானத்துக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் கடைசி வரியில் வரும் டெக் லாக் இருக்கிறது. அது விமானத்திலேயே இருக்கும் பதிவேடு. அதில் எழுதிவிட்டால், பொறியாளர் எஞ்சினின் விசிறித் தகடுகள், உட்புற வாய், ஃபிளாப், சக்கரங்கள் என்று பார்த்துக் கையெழுத்திடாமல் விமானம் மறுபடி கிளம்பாது. பறவை எஞ்சினின் மையப்பகுதிக்குள் போயிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். பாதுகாப்புப் பிரிவு தேடுவது வேறொன்றை. அந்தப் பறவை எங்கிருந்து வந்தது, ஏன் அந்த நேரத்தில் அங்கே இருந்தது என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

அதற்குப் பெரிதும் உதவுவது 200 அடி என்ற எண். விமானங்கள் பொதுவாக மூன்று டிகிரிச் சரிவில் இறங்குகின்றன. ஓடுபாதையின் தொடக்க விளிம்பைக் கடக்கும்போது உயரம் ஏறத்தாழ 50 அடி. அப்படியானால் 200 அடி உயரத்தில் இருந்த விமானம் அந்த விளிம்புக்கு இன்னும் ஏறத்தாழ எண்ணூற்றெழுபது மீட்டர் பின்னால் இருந்திருக்கும். பல விமான நிலையங்களில் அது சுற்றுச்சுவருக்கு வெளியே, ஊருக்கு மேலே. கீழே குப்பை மேடோ, இறைச்சிக் கழிவு கொட்டும் இடமோ, ஏரிக்கரையோ இருக்கலாம். அதே மோதல் 50 அடியில் நடந்திருந்தால் பறவை விமான நிலையத்தின் புல்வெளியிலிருந்து எழும்பியிருக்கக்கூடும். அங்கே பார்க்க வேண்டியது புல்லின் உயரம், அதில் இருக்கும் பூச்சிகள், மழைநீர் தேங்கும் பள்ளம். முதலாவதைச் சரிசெய்ய உள்ளாட்சி நிர்வாகத்தின் கதவைத் தட்ட வேண்டும். இரண்டாவது விமான நிலையத்தின் சொந்த வேலை. இந்தியாவில் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆம் விதி, விமான நிலையத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும்படி கால்நடைகளை அறுப்பதையும் கழிவு கொட்டுவதையும் தடுத்தது. அந்தத் தடை எந்த இடத்தில் மீறப்படுகிறது என்று கைகாட்ட, விமானி எழுதும் உயரம் வேண்டும். "இறங்கும்போது மோதியது" என்று மட்டும் எழுதினால் எந்தக் கதவைத் தட்டுவது என்று யாருக்கும் தெரியாது.

உயரத்தைத் தவறாக நினைவுகூர்வது எளிது. சத்தம் கேட்ட நொடியில் யாரும் எண்ணைப் படித்துக்கொண்டிருப்பதில்லை. அதனால்தான் நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதச் சொல்கிறார்கள். பாதுகாப்புப் பிரிவு விமானத்தின் பதிவுக் கருவியில் அந்த நிமிடத்தை எடுத்து, உயரம், வேகம், எஞ்சினின் அதிர்வு எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள்ளும்.

அடுத்து, "இறங்குவதைத் தொடர்ந்தோம்" என்ற இரண்டு சொற்கள். சாதாரணமாகத் தோன்றும் இந்த முடிவின் எடையை அறிய ரோம் நகரின் சியாம்பினோ விமான நிலையத்துக்குப் போக வேண்டும்.

2008 நவம்பர் 10, காலை எட்டு மணிக்குச் சற்று முன். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்-ஹானிலிருந்து வந்த ரையன்ஏர் போயிங் 737-800 விமானம் சியாம்பினோவில் தரையைத் தொடப்போகும் கட்டத்தில் இருந்தது. உள்ளே 166 பயணிகள், 6 பணியாளர்கள். திடீரென எதிரே பெரும் பறவைக் கூட்டம். அவை ஸ்டார்லிங்குகள், மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு பறவைகள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து ரோமுக்குப் பெருங்கூட்டமாக வந்து, இரவில் நகரத்து மரங்களில் தங்கி, விடிந்ததும் இரை தேடி வயல்களுக்குப் பறப்பது அவற்றின் வழக்கம்.

கூட்டத்தைக் கண்டதும் விமானி இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏற முடிவெடுத்தார். எஞ்சின்களுக்கு முழு விசை கொடுக்கப்பட்டது. அந்த நேரத்தில் பறவைகள் இரண்டு எஞ்சின்களுக்குள்ளும் புகுந்தன, இரண்டும் விசையை இழந்தன. ஏறவும் முடியாமல், ஒழுங்காக இறங்கவும் உயரமில்லாமல் விமானம் ஓடுபாதையில் பலமாக மோதியது. இடது பிரதான சக்கரத் தொகுதி மடங்கியது. விமானம் சறுக்கிக்கொண்டுபோய் ஓடுபாதையின் கடைசியில் நின்றது. யாரும் இறக்கவில்லை. சிலருக்குச் சிறு காயங்கள் மட்டும்.

மேலே ஏறத் துடித்தது மனித இயல்பு. ஆபத்தைக் கண்டால் விலகத்தான் தோன்றும். இத்தாலியின் விசாரணை அமைப்பு, எதிர்பாராத அதிர்ச்சியில் எடுத்த முடிவு அது என்றது. விமானியைச் சொல்லியதோடு நிற்காமல், சியாம்பினோவில் பறவைகளைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகள் போதவில்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. எனக்கு இந்த இரண்டாவது பகுதியே முக்கியமாகப் படுகிறது.

இறங்கும்போது எஞ்சின்கள் குறைந்த விசையில் ஓடுகின்றன. ஓடுபாதை எதிரிலேயே இருக்கிறது. எஞ்சின் சேதப்பட்டாலும் தரையைத் தொட அந்தக் குறைந்த விசை போதும். மேலே ஏற வேண்டுமென்றால், சேதப்பட்டிருக்கக்கூடிய எஞ்சினிடமிருந்து முழு விசையைக் கேட்க வேண்டும். விசிறி வேகமாகச் சுழலச் சுழலப் பறவை மோதும் அடியும் பலமாகிறது. எனவே இறங்குவது உறுதியென்ற நிலையில் பறவைக் கூட்டம் வந்தால், விசையை முடிந்தவரை குறைவாக வைத்து, கூட்டத்தினூடாகவே பறந்து இறங்கிவிடுவது நல்லது என்கிறது போயிங்கின் பயிற்சி வழிகாட்டி. தரையில் ஓடும்போது ரிவர்ஸைத் தேவையான அளவுக்கு மேல் போடவேண்டாம் என்றும் சொல்கிறது, ஏனென்றால் அது எஞ்சின் சேதத்தை அதிகமாக்கக்கூடும். நம் மாதிரி அறிக்கையில் ரிவர்ஸ் பற்றிய வரி வந்தது அதனால்தான். கேபின் காற்று பெரும்பாலான விமானங்களில் எஞ்சின் வழியாகவே வருகிறது. பறவை மையப்பகுதிக்குள் போயிருந்தால் இறைச்சி கருகும் வாடை விமானத்துக்குள் வரக்கூடும். ஆகவே "வாடை இல்லை" என்பதும் ஒரு தகவல்.

இனம் தெரியவில்லை என்று எழுதியதற்காக அந்த விமானியைப் பாராட்ட வேண்டும். மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் கண்ணில் ஒரு பழுப்பு நிறத் தீற்றல்தான் பட்டிருக்கும். அதைப் "பருந்து" என்று ஊகித்து எழுதிவிட்டால், புல்தரையில் கூடுவைக்கும் ஆள்காட்டிக் குருவி செய்த வேலைக்கு ஊருக்கு வெளியே உள்ள குப்பை மேட்டைப் பழிப்போம். இனத்தைச் சொல்ல வேண்டியது அந்த வளையத்தில் ஒட்டியிருக்கும் இறகு.

இறகை வைத்து இனம் காணும் துறை ஒரு பெரிய விபத்திலிருந்து பிறந்தது. 1960 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் சில நொடிகளில் கடலில் விழுந்து 62 பேர் இறந்தனர். எஞ்சின்களில் கிடைத்த இறகுத் துணுக்குகள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயின. அங்கே பணியாற்றிய ராக்ஸி லேபோர்ன், அவை ஸ்டார்லிங்கின் இறகுகள் என்று கண்டுபிடித்தார். இறகின் அடிப்பகுதியில் பஞ்சுபோல இருக்கும் இழைகளை நுண்ணோக்கியில் பார்த்தால் சிறு கணுக்கள் தெரியும். வாத்துக்கு ஒரு வடிவம், புறாவுக்கு வேறு வடிவம். இன்று மரபணுச் சோதனையும் துணைக்கு வந்துவிட்டது. 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவானில் 179 பேர் இறந்த ஜேஜு ஏர் விபத்தில், இரண்டு எஞ்சின்களிலும் இருந்தது பைக்கால் கிளுவை என்ற வாத்தினம் என்று அந்தச் சோதனையே சொன்னது.

ஆனால் தரைப் பணியாளர் ஒருவர் நல்லெண்ணத்தோடு குழாயைத் திருப்பி எஞ்சின் வளையத்தைக் கழுவிவிட்டால் எல்லாம் போயிற்று. செய்ய வேண்டியது எளிது. இறகு முழுதாக இருந்தால் அடியோடு எடுக்க வேண்டும், கத்தரிக்கக் கூடாது, பஞ்சு இழைகள் அடியில்தான் இருக்கின்றன. ரத்தக்கறை மட்டும் இருந்தால் ஆல்கஹால் தொட்ட தாளால் துடைத்து, உறையில் போட்டு, தேதியும் விமான எண்ணும் எழுதி அனுப்ப வேண்டும். பிளீச் படக்கூடாது. ஒட்டும் டேப்பில் இறகை ஒட்டவும் கூடாது. ஓடுபாதையைச் சோதிக்கச் சொன்னதும் இதற்கு உதவும். அங்கே கிடக்கும் உடல் அடுத்த விமானத்துக்கு இடைஞ்சல், அதைத் தின்ன வேறு பறவைகளும் வரும், எடுத்து வந்தால் இனமும் தெரிந்துவிடும்.

எச்சரிக்கை பற்றிய வரியை மேலதிகாரிகள் வேகமாகத் தாண்டிப் போய்விடுவதுண்டு. "விமான நிலையச் சுற்றுப்புறத்தில் பறவை நடமாட்டம்" என்ற அறிவிப்பைப் பல ஊர்களில் விமானிகள் நாள்தோறும் கேட்கிறார்கள். எந்தப் பக்கம், எந்த உயரம், எந்த நேரம் என்று இல்லாத எச்சரிக்கையை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. ஒரே ஓடுபாதையில், ஒரே மாலை நேரத்தில், 150 முதல் 250 அடிக்குள் என்று நாலைந்து அறிக்கைகள் சேர்ந்துவிட்டால் நிலைமை வேறு. அவற்றில் விமானத்துக்குச் சேதமே ஆகாதவையும் இருக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான மோதல்கள் அப்படிப்பட்டவைதான். அப்போது டவர், "ஓடுபாதை 27-க்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், வலப்பக்கம், இருநூறு அடியில் பருந்துகள்" என்று சொல்ல முடியும். அதைக் கேட்கும் விமானி, தொலைவில் இருக்கும்போதே வட்டமடித்துக் காத்திருக்கலாம். இல்லையென்றால், கீழே வருவதற்கு முன்பே துணை விமானியிடம், "கடைசிக் கட்டத்தில் மோதினால் விசையைக் கூட்டாமல் இறங்கிவிடுவோம்" என்று பேசி வைத்துக்கொள்ளலாம்.