கட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது கணக்கு

மரபியல் கணக்கில் மதிப்பெண் பறிபோகும் இடம் பெரும்பாலும் புன்னட் கட்டத்தின் ஓரம்தான். உள்ளே இருக்கும் 16 அறைகளை நிரப்புவது எளிது; ஓரத்தில் எதை எழுதுவது என்பதில்தான் தடுமாற்றம்.

RrYy என்ற பட்டாணிச் செடியை எடுத்துக்கொள்வோம். R இருந்தால் விதை உருண்டை, r மட்டும் இருந்தால் சுருங்கல். Y இருந்தால் மஞ்சள், y மட்டும் இருந்தால் பச்சை. இனச்செல் உருவாகும்போது ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஓர் எழுத்துதான் போகும். ஆகவே RY, Ry, rY, ry என்று நான்கு வகை. சிலர் அவசரத்தில் Rr என்றும் Yy என்றும் எழுதிவிடுவார்கள். முதல் இனச்செல்லில் நிறத்துக்கான மரபணுவே இல்லை, அடுத்ததில் வடிவத்துக்கானது இல்லை! அறைக்குள் R வகை எழுத்து இரண்டும் Y வகை எழுத்து இரண்டும் இல்லாவிட்டால், ஓரத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

சரியாக எழுதி RrYy செடிகள் இரண்டைக் கலந்தால் உருண்டை மஞ்சள் 9, உருண்டைப் பச்சை 3, சுருங்கிய மஞ்சள் 3, சுருங்கிய பச்சை 1. மெண்டல் 1865-இல் புர்னோ நகரில் தன் ஆய்வைப் படித்தபோது கையில் இருந்தவை 15 செடிகளின் 556 விதைகள்: 315, 108, 101, 32. 556-ஐ 16-ஆல் வகுத்தால் 34.75. அதன் ஒன்பது மடங்கு ஏறக்குறைய 313. மெண்டல் எண்ணியது 315.

இதைப் பார்த்த பழக்கத்தில் எந்தக் கணக்குக்கும் 9:3:3:1 என்று எழுதிவிடக் கூடாது. RrYy-ஐ Rryy-உடன் கலந்தால்? வடிவத்தைத் தனியே பார்த்தால் 3:1, நிறத்தைத் தனியே பார்த்தால் 1:1. இரண்டையும் பெருக்கினால் 3:3:1:1. கட்டமே வரைய வேண்டியதில்லை.

இப்படிப் பெருக்கலாம் என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நான்கு வகை இனச்செல்லும் சம அளவில் உருவாக வேண்டும். அது பொய்த்துப்போனதைப் பார்த்தவர்களில் கட்டத்துக்குப் பெயர் தந்த புன்னட்டும் ஒருவர் என்பது வேடிக்கை. அவரும் பேட்சனும் கேம்பிரிட்ஜில் ஸ்வீட் பீ என்ற பூச்செடியில் ஊதாப் பூவும் நீள மகரந்தமும் கொண்டதை, சிவப்புப் பூவும் உருண்டை மகரந்தமும் கொண்டதோடு கலந்தார்கள். இரண்டாம் தலைமுறையில் 6,952 செடிகள். சிவப்பும் உருண்டையும் சேர்ந்தவை சுமார் 435 வரவேண்டும், வந்தவை 1,338. பெற்றோரிடம் சேர்ந்திருந்த பண்புகள் பிள்ளைகளிடமும் சேர்ந்தே வந்தன. அந்த இரு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருந்ததுதான் காரணம்.

கணக்கில் எண்ணிக்கை கொடுத்திருந்தால் முதலில் மொத்தத்தை 16-ஆல் வகுத்துப் பாருங்கள். பிறகு கட்டம் போடலாம்.