சம்பளச் சீட்டில் 2 நாள் காணாமல் போனால்

சம்பளம் குறைந்து வந்தால், சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது ‘எல்.ஓ.பி.’ என்ற கட்டத்தைத்தான். சம்பளமில்லா விடுப்பு நாட்கள் அங்கேதான் இருக்கும். அனுமதி பெற்று எடுத்த விடுப்பு வருகைப் பதிவில் ஏறாவிட்டால், அதுவும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஒருவருக்கு மொத்தச் சம்பளம் ரூ.36,000, அதில் அடிப்படைச் சம்பளம் ரூ.18,000 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதத்துக்கு 30 நாள். 2 நாள் பிடித்தால் ரூ.2,400 போகும். ஆனால் கைக்கு வருவதில் குறைவது ரூ.2,256தான். அடிப்படைச் சம்பளம் ரூ.1,200 குறைந்ததால், அதன் 12 சதவீதமான பி.எஃப். பிடித்தமும் ரூ.144 குறைந்திருக்கும். பலரும் இதைக் கவனிப்பதில்லை. கைக்கு வந்த தொகையை மட்டும் ஒப்பிட்டு எழுதினால், மனிதவளப் பிரிவின் கணக்கோடு அது ஒத்துப்போகாது.

மின்னஞ்சலை இப்படி எழுதலாம்:

“பொருள்: ஜூன் சம்பளச் சீட்டில் திருத்தம் – பணியாளர் எண் …

வணக்கம். ஜூன் 12, 13 தேதிகளில் நான் எடுத்த தற்செயல் விடுப்புக்கு மேலாளர் அனுமதி அளித்திருந்தார். சீட்டில் அவை சம்பளமில்லா நாட்களாகக் கணக்கிடப்பட்டு ரூ.2,400 குறைந்துள்ளது. அந்த நாட்களைத் திருத்தி, ஜூலை சம்பளத்துடன் இந்த நிலுவையைச் சேர்த்து, அதற்குரிய பி.எஃப். பங்கையும் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். சீட்டும் அனுமதி மின்னஞ்சலும் இணைப்பில் உள்ளன.”

பி.எஃப். பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பி.எஃப். கட்டும் நிறுவனமானால், அதன் பங்கிலும் உங்களுக்கு ரூ.144 வர வேண்டும்.