சோறு போட்டால் படிப்பு ஏறுமா?

மதிய உணவு வந்தபின் வருகை கூடிவிட்டது என்று பள்ளிப் பதிவேடு சொன்னால் ஆய்வாளர்கள் சட்டென்று நம்புவதில்லை. வருகையைப் பார்த்துத்தான் அரிசிக் கணக்கு. வராத பிள்ளைக்கும் ஒரு கோடு விழலாம். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குள் போய்த் தலைகளை எண்ணுகிறார்கள்.

படிப்பை அளப்பது இன்னும் சிக்கல். சாப்பிடும் பிள்ளையையும் சாப்பிடாத பிள்ளையையும் ஒப்பிட்டால் வீட்டு வசதியின் வித்தியாசமும் சேர்ந்தே வந்துவிடும். இதற்கு ஒரு வழி, அரசின் தாமதத்திலேயே கிடைத்தது. 2001 நவம்பரில் சமைத்த உணவு தரும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது மாநிலங்கள் ஒரே சமயத்தில் தொடங்கவில்லை, சில இழுத்தடித்தன. தனிகா சக்ரவர்த்தி, ராஜி ஜெயராமன் இருவரும் இந்த இடைவெளியை ‘அசர்’ கணக்கெடுப்போடு பொருத்திப் பார்த்தார்கள். அசரில் வீட்டுக்கே போய் எழுத்து, சொல், பத்தி, கதை என வாசிக்கச் சொல்வார்கள். பள்ளிக்கு வராதவர்களும் விடுபட மாட்டார்கள். ஐந்தாண்டு வரை திட்டத்தில் இருந்த பிள்ளைகள், ஓராண்டுக்கும் குறைவாக இருந்தவர்களைவிட வாசிப்பில் சுமார் 18 சதவீதம், கணக்கில் 9 சதவீதம் முன்னால் இருந்தார்கள்.

உடல் வளர்ச்சி வேறு கதை. ஆந்திரத்தில் உயரமும் எடையும் அளந்தபோது, வறட்சியில் அடிபட்ட குடும்பத்துப் பிள்ளைகளிடம்தான் பலன் பளிச்சென்று தெரிந்தது.